100 ரூபாய் சம்பளம், 185 ரூபாய் பில்: ஒரு குடியிருப்புச் சங்கத்தின் ஒப்பந்தக் கணக்கு

மதுரை அய்யர் பங்களா பக்கம் 84 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில், மார்ச் மாதம் வந்தால் பட்ஜெட் கூட்டம். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் வெளி ஆட்களிடம் ஒப்பந்தம். நான் பொருளாளராக வந்த முதல் வருஷம், முந்தைய கமிட்டி விட்டுப்போன தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "ஒப்பந்தச் சேவைகள்: சென்ற ஆண்டுத் தொகை + 10%." ஏன் பத்து என்று கேட்டேன். "ரினியூவல் அன்னைக்கு அவங்க பத்துதான் கேப்பாங்க சார்" என்றார் பழைய செயலாளர். ஏஜென்சி சூப்பர்வைசரைக் கேட்டால் அவரும் அதையே சொன்னார்: "எல்லா அபார்ட்மென்ட்லயும் பத்துதான் சார் போட்டுத் தர்றாங்க."

அந்தப் பத்து எதன் மேல் பத்து என்று யாரும் கேட்டதில்லை. செக்யூரிட்டி பில்லைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அதையே முதலில் பார்ப்போம்.

எங்களுக்கு முன் கேட்டில் ஒரு காவல், பின்பக்க பார்க்கிங்கில் ஒரு காவல், இரண்டும் 24 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட்டாகப் போட்டால் மொத்தம் ஆறு பேர். கணக்குப் புரிவதற்காக ஒருவருக்கு நாள் சம்பளம் 500 ரூபாய், மாதம் 26 நாள், ஆக 13,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் எண் வேறாக இருக்கலாம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வழி ஒன்றுதான்.

அந்த 13,000-க்கு மேல் ஒப்பந்தக்காரர் வேலையளிப்பவராகக் கட்ட வேண்டியவை மூன்று. பிஎஃப் பங்கு 12%, அதோடு காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து 1%. ஆக 13%, 1,690 ரூபாய். இஎஸ்ஐ 3.25%, சுமார் 423. போனஸ் 8.33%, சுமார் 1,083. மொத்தம் 16,195-ஐத் தாண்டுகிறது.

அடுத்தது ரிலீவர். ஆளுக்கு வாரம் ஒரு நாள் லீவு, ஆனால் கேட்டுக்கு லீவு கிடையாது. ஆறு பேர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு நாள் இல்லாதபோது நிற்க ஏழாவது ஆள் வேண்டும். அதனால் ஒவ்வொருவர் செலவிலும் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது, சுமார் 2,699. இதுவரை 18,895. சீருடைக்கு 300 சேர்த்தால் 19,195. இதன் மேல் ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் 8%, அதற்கும் மேல் ஜி.எஸ்.டி. 18%. முடிவில் ஒரு ஆளுக்கு மாத பில் 24,462 ரூபாய். எங்களைப் போல ஜி.எஸ்.டி. பதிவில்லாத சங்கத்துக்கு அந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது செலவோடு செலவு.

இதே பில்லை ஒரு முறை தலைகீழாகப் படியுங்கள். காவலருக்கு 12% பிஎஃப்பும் 0.75% இஎஸ்ஐயும் பிடித்தது போக மாதாமாதம் கையில் வருவது 11,342 ரூபாய். நாம் கட்டுவது 24,462. நடுவில் இருப்பதெல்லாம் ஏஜென்சிக்காரர் பாக்கெட்டுக்குப் போகிறது என்று சொன்னால் அது பொய். அவருக்கு வருவது 1,536 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்தான். மீதி பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், ரிலீவர், சீருடை, வரி. இது தெரிந்தால்தான் ரினியூவல் பேச்சில் எங்கே இழுக்கலாம், எங்கே இழுக்கக் கூடாது என்பது தெரியும்.

இனி உயர்வு. காவலர், துப்புரவுப் பணியாளர் போன்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்படும் குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படை ஊதியம் ஒன்று, பஞ்சப்படி ஒன்று. அடிப்படை ஊதியம் சில வருஷங்களுக்கு ஒரு முறைதான் மாறும். பஞ்சப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டது, ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். ஆக வருஷாவருஷம் ஒப்பந்தக்காரருக்கு நிஜமாக ஏறும் செலவு அந்தப் பஞ்சப்படிதான். அது ரூபாயில் ஏறும், சதவீதத்தில் அல்ல.

அந்த ரூபாய் பில்லுக்கு வரும்போது எவ்வளவு ஆகிறது? 100 ரூபாய் சம்பளம் கூடினால் பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் சேர்ந்து 124.58. ரிலீவர் பங்கோடு 145.34. சர்வீஸ் சார்ஜோடு 156.97. ஜி.எஸ்.டி.யோடு 185.23. அதாவது 100 ரூபாய் சம்பள உயர்வு, 185 ரூபாய் பில் உயர்வு. இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் போதும், ரினியூவல் பேச்சில் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டாக, ஏப்ரலில் பஞ்சப்படி 520 ரூபாய் கூடுகிறது என்போம். 13,000 என்பது 13,520 ஆகும், 4% உயர்வு. பில்லில் ஏற வேண்டியது 963 ரூபாய். ஆனால் மொத்த பில்லின் மேல் 10% போட்டால் 2,446 ஏறும். வித்தியாசம் ஆளுக்கு 1,483, ஆறு பேருக்கு மாதம் 8,898, வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் காவலருக்குப் போகாது, ஏனென்றால் அவர் சம்பளம் ஏறியது 520-தான். பத்து சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடும்போது சீருடைக்கும் பத்து ஏறுகிறது, சர்வீஸ் சார்ஜுக்கும் பத்து ஏறுகிறது.

அடுத்து தேதி. எங்கள் ஒப்பந்தம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, பட்ஜெட் ஏப்ரல் முதல் மார்ச் வரை. பல சங்கங்களில் இப்படித்தான், கட்டடம் எப்போது ஒப்படைக்கப்பட்டதோ அந்த மாதமே ஒப்பந்த மாதமாக நின்றுவிடும். அப்போது ஒரு வருஷ பட்ஜெட்டுக்குள் இரண்டு தேதிகள் வருகின்றன. சம்பள உயர்வு ஏப்ரல் 1. சர்வீஸ் சார்ஜ், சீருடை போன்றவற்றின் உயர்வு ஜூலை 1. ஒப்பந்தத்தில் இவை இரண்டும் தனித்தனியாக எழுதப்படாவிட்டால் தகராறு நிச்சயம். பஞ்சப்படி ஏறிய தேதியிலிருந்து அரியர்ஸ் என்று ஜூலையில் ஒரு பில் வரும். அதற்கு பட்ஜெட்டில் இடமே இருக்காது.

கணக்கைப் போட்டு முடிப்போம். பழைய மாத பில் ஆறு பேருக்கு 1,46,772. ஏப்ரல் உயர்வுக்குப் பின் 1,52,550. ஜூலையில் சர்வீஸ் சார்ஜ் 8-லிருந்து 8.5% ஆகிறது என்றால் மாதம் 706 ரூபாய் கூடுகிறது, ஒன்பது மாதத்துக்கு 6,356. ஆக வருஷச் செலவு 18,36,956. பழைய கமிட்டி வழியில், சென்ற ஆண்டு 17,61,264-க்கு 10% சேர்த்திருந்தால் 19,37,390 வந்திருக்கும். ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம். சர்வீஸ் சார்ஜில் அரை சதவீதம் ஏற்றிக் கொடுத்ததற்கு ஆறாயிரம்தான் ஆனது என்பதையும் கவனியுங்கள். பேரம் பேசுபவர்கள் எல்லாரும் சர்வீஸ் சார்ஜில்தான் மல்லுக்கட்டுவார்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

சரி, அப்படியென்றால் உயர்வே கொடுக்காமல் இருந்தால்? அதையும் எங்கள் சங்கம் செய்து பார்த்திருக்கிறது. அந்தக் கதைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

எங்கள் கமிட்டியே ஒரு முறை, பத்து சதவீதத்துக்குச் சலித்துப்போய், வேறொரு ஏஜென்சியுடன் இரண்டு வருஷத்துக்கு ஒரே ரேட் என்று கையெழுத்துப் போட்டுவிட்டது. கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குள் ஏப்ரல் இரண்டு முறை வந்துபோனது. சட்டப்படி சம்பளம் இரண்டு முறை ஏற வேண்டும், பில் ஏறாது. ஒப்பந்தக்காரர் நஷ்டத்தில் ஓட்டுவாரா?

ஒரு நாள் இரவு கேட்டில் நின்ற காவலர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், போனில் பிஎஃப் பாஸ்புக்கைக் காட்டி, "தம்பி, இதுல எனக்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவர் சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தது 1,560. பாஸ்புக்கில் அவர் பங்காக ஏறியது 900. 900 என்பது 7,500-இன் 12%. அதாவது பதினைந்து நாள் சம்பளத்துக்குத்தான் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கேட் வருகைப் பதிவேட்டில் அவர் அந்த மாதம் 26 டியூட்டி.

மறுநாள் ஏஜென்சியிடம் இ.சி.ஆர். கேட்டு வாங்கினேன். பிஎஃப் கட்டும்போது மாதாமாதம் இணையத்தில் ஏற்றும் பட்டியல் அது. ஒவ்வொருவரின் யு.ஏ.என். என்ற பிஎஃப் எண், சம்பளம், கட்டிய தொகை, கடைசியில் என்.சி.பி. நாட்கள் என்று ஒரு கட்டம். வேலைக்கு வராத, சம்பளமில்லாத நாட்களுக்கான கட்டம் அது. எங்கள் ஆறு பேருக்கும் அதில் 11 என்று இருந்தது. ஆறு பேரும் ஒரே மாதத்தில் தலைக்குப் பதினோரு நாள் வராமல் இருந்தால் எங்கள் கேட்டில் நின்றது யார்? பில்லில் எங்களிடம் வாங்கியது முழு 13%.

அன்றிலிருந்து பில்லுடன் இரண்டு தாள் கட்டாயம்: எங்கள் ஆட்களின் பெயர் மட்டும் உள்ள இ.சி.ஆர். பக்கமும், இஎஸ்ஐ கட்டிய பட்டியலும். பில்லில் உள்ள நாட்களை எங்கள் பதிவேட்டோடு ஒப்பிடுவேன், அப்புறம் என்.சி.பி. கட்டத்தைப் பார்ப்பேன். பத்து நிமிஷ வேலை. வெறும் சலானை மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். சலானில் ஏஜென்சியின் எல்லா ஆட்களின் மொத்தத் தொகைதான் இருக்கும், உங்கள் ஆள் அதில் இருக்கிறாரா என்று தெரியாது. இதில் நம் கழுத்துக்கும் கத்தி உண்டு. ஒப்பந்தக்காரர் கட்டாத பிஎஃப்பை, வேலை வாங்கிய முதன்மை வேலையளிப்பவரிடம் கேட்க வழி இருக்கிறது. இரண்டு வருஷம் ரேட் ஏறவில்லை என்று கைதட்டிய பணம் அப்போது வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சம்பளத்துக்கு ஒரே வரையறை வந்திருக்கிறது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், அதிகமுள்ளது சம்பளமாகவே கணக்கிடப்படும். அடிப்படையைச் சின்னதாக்கி, மீதியைச் சலவைப்படி, பயணப்படி என்று பிரித்துக் காட்டும் கொட்டேஷன் வந்தால், அதன் மலிவு எங்கிருந்து வருகிறது என்று இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு மணி நேர டியூட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதுரையில் பெரும்பாலான கேட்டில் அதுதான் நடக்கிறது. இரண்டு காவலுக்கு ஆறு பேருக்குப் பதில் நான்கு பேர், மலிவு என்று நினைக்கிறோம். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி ஓவர்டைம் எட்டு மணிச் சம்பளமாகும். ஆக பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒருவருக்கு இரண்டு நாள் சம்பளம், நான்கு பேருக்கு எட்டுச் சம்பளம். ஆறு பேருக்கு ஆறு சம்பளம்தான். ஒழுங்காகக் கொடுத்தால் பன்னிரண்டு மணி டியூட்டிதான் செலவு அதிகம். அது மலிவாகத் தெரிகிறது என்றால் ஓவர்டைம் கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

சித்திரைத் திருவிழா வாரம் தனி. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஆள் கிடைக்காது. அதற்கு முன்னும் பின்னும் கிராமங்களில் கோயில் திருவிழா. ரிலீவரும் ஊருக்குப் போயிருப்பார். இருக்கிற ஒருவரே இரண்டு டியூட்டி பார்ப்பார். பில்லை ஆள் கணக்கில் போடாமல் டியூட்டி கணக்கில் போட்டால் இந்த வாரம் தானாகச் சரியாகிவிடும்: நிரம்பாத டியூட்டிக்குப் பணம் இல்லை, நிரப்பியதற்கு உண்டு. நாங்கள் அந்த வாரத்துக்கென்று எட்டு கூடுதல் டியூட்டியைத் தனி வரியாக பட்ஜெட்டில் எழுதுகிறோம். திருவிழாவுக்குப் போகாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது, நானே போவேன்.

தீபாவளி இன்னொரு இடறல். மாத பில்லில் 8.33% போனஸ் ஏறியிருக்கும். அக்டோபரில் சூப்பர்வைசர் வந்து, "பசங்களுக்கு சங்கத்துல இருந்து போனஸ் எதிர்பார்க்கிறாங்க சார்" என்பார். பெட்டிக்குள் கை போகும் முன் ஒரு கேள்வி: இந்தப் பன்னிரண்டு மாதம் நாங்கள் கட்டிய 1,083 எங்கே? எங்கள் பழைய ஏஜென்சி அதைக் கொடுக்கவே இல்லை. சங்கம் கொடுத்த இனாமை போனஸ் என்று பெயர் சொல்லிக் காட்டிவிட்டார்கள். இப்போது போனஸை மாத பில்லிலிருந்து எடுத்துவிட்டோம். வருஷத்துக்கு ஒரு முறை, கொடுத்த பட்டியலைக் காட்டிய பிறகு, பில்லாகப் போடுவார்கள். பட்ஜெட் தொகை மாறவில்லை, அக்டோபரில் பெரிய தொகை ஒன்று போகும் என்பதுதான் வித்தியாசம். வைப்புத்தொகையை அதற்கேற்ப முதிரும்படி போட வேண்டும்.

ஹவுஸ்கீப்பிங் கணக்கு இதன் தம்பிதான். நான்கு பெண்கள், ஞாயிறு லீவு, ரிலீவர் கிடையாது. அதனால் அங்கே 100 ரூபாய் உயர்வு பில்லில் 159 ஆகும், 185 அல்ல. பார்க்க வேண்டியது சாமான். பினாயில், ப்ளீச்சிங் பவுடர், ஆசிட், துடைப்பம், குப்பைப் பை எல்லாவற்றையும் ஆள் ரேட்டுக்குள் கலந்து ஒரே தொகையாகக் கொடுத்தால், சம்பளம் ஏறும்போது பினாயிலும் சேர்ந்து ஏறும். அதே சமயம் மாதக் கடைசியில் பினாயிலில் தண்ணீர் கூடும், மாடிப்படியில் வாசனையே வராது. சாமானை நாங்களே மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறோம். ஒப்பந்தத்தில் ஆள் மட்டும்.

லிஃப்டும் ஜெனரேட்டரும் வேறு இனம். அங்கே பஞ்சப்படிக் கணக்கு செல்லாது. லிஃப்ட் ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில் வருஷ உயர்வு எவ்வளவு என்று பெரும்பாலும் முதல் தாளிலேயே அச்சாகி இருக்கும். அதை எடுத்துப் போட்டால் போதும், ஊகிக்க ஒன்றுமில்லை. செலவு ஒளிந்திருப்பது பின்பக்கம், "இதில் அடங்காதவை" என்ற பட்டியலில். எங்கள் லிஃப்ட்டில் கரண்ட் போனால் பக்கத்துத் தளத்துக்கு இறக்கிவிடும் ஏ.ஆர்.டி. கருவியின் பேட்டரி அந்தப் பட்டியலில் இருந்தது. மூன்றாவது வருஷம் இரண்டு லிஃப்டுக்கும் சேர்த்து அதை மாற்ற வேண்டியதாயிற்று, பட்ஜெட்டில் ஒரு பைசா இல்லை. முதல் வருஷம் இலவசப் பராமரிப்பு என்று வரும் புதிய கட்டடங்களில் இரண்டாம் வருஷம் ஏ.எம்.சி. முழுத்தொகையும் ஒரேயடியாக வந்து விழும். அதைச் சதவீத உயர்வாக எழுத முடியாது, பூஜ்யத்துக்கு ஏது சதவீதம்?

ஜெனரேட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் சர்வீஸ், ஓடிய மணியைப் பொறுத்தோ காலத்தைப் பொறுத்தோ எது முதலில் வருகிறதோ அப்போது. எங்களுடையது அதிகம் ஓடுவதில்லை, அதனால் காலக் கணக்குதான். வருஷத்துக்கு இத்தனை சர்வீஸ், ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதுகிறேன். பேட்டரிக்குத் தனி வரி.

இந்த வருஷ ரினியூவலில் செக்யூரிட்டி ஒப்பந்தத்தில் நாங்கள் சேர்த்த வரி இது: "குறைந்தபட்ச ஊதியத்தில் அரசு அறிவிக்கும் உயர்வு, அறிவிக்கப்பட்ட தேதியிலிருந்து, அதன் மீதான பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், ரிலீவர் பங்குடன் பில்லில் சேரும், சர்வீஸ் சார்ஜ் சதவீதம் ஒப்பந்தக் காலத்தில் மாறாது." சூப்பர்வைசர் படித்துவிட்டு, "சார், இதுல பத்து பர்சென்ட் எங்க இருக்கு?" என்றார். பில்லைப் பிரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அறிவிப்பு லேட்டா வந்தா அரியர்ஸ் உண்டுல்ல?" என்று கேட்டார். உண்டு என்றேன். அதற்காக ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆளுக்கு 963 வீதம், மூன்று மாதத்துக்கு 17,334 ரூபாயை பட்ஜெட்டில் "செக்யூரிட்டி அரியர்ஸ்" என்ற தலைப்பில் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறோம். 18,36,956-க்குள் அதுவும் அடக்கம்.